வயதான நாயின் மூட்டுவலி: மாத்திரைக்கு முன்னும் பின்னும்

மூட்டுத் தேய்மானம் வந்த நாய் பெரும்பாலும் கத்துவதில்லை, முனகுவதும் இல்லை. அடிபட்ட நாய் கத்தும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வலி ஏறிய நாய் தன் நடமாட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும். கட்டிலில் தாவுவதை நிறுத்தும். அழைப்புமணி அடித்தால் ஓடி வராமல், படுத்த இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுக்கும். இரண்டு இடுப்பு மூட்டுகளும் ஒரே அளவில் வலித்தால் நொண்டக்கூட நொண்டாது, ஏனென்றால் பாரத்தை மாற்றிக்கொள்ள நல்ல கால் என்று ஒன்று இல்லை. வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு "வயசாயிடுச்சு, அதான்" என்கிறார்கள். இந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ நாய்கள் மருத்துவரிடம் வராமலேயே போகின்றன.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்வதுதான் நோயின் தொடக்கம். ஆனால் குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. வலி வருவது மூட்டின் உள்சவ்வு வீங்குவதாலும், அடியில் இருக்கும் எலும்பு பாரம் தாங்காமல் சிதைவதாலும், மூட்டைச் சுற்றிய உறை தடித்து இறுகுவதாலும்தான். நாய்களில் இது வயதால் மட்டும் வருவது குறைவு. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் போன்ற இனங்களில் குட்டிப் பருவத்திலேயே சரியாகப் பொருந்தாமல் வளர்ந்த இடுப்பு மூட்டோ முழங்கை மூட்டோதான் பல ஆண்டுகள் கழித்துத் தேய்மானமாக வெளிப்படுகிறது. முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்த நாய்களுக்கும், வண்டி மோதிக் கால் முறிந்து கோணலாகச் சேர்ந்த தெருநாய்களுக்கும் இதே கதிதான். தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்று இல்லை. ஆகவே சிகிச்சை என்றால் மிச்சமிருக்கும் ஆண்டுகளில் வலியைக் கட்டுப்படுத்துவது. அதற்குக் கொடுக்கும் மருந்தால் வேறு உறுப்பு கெடாமல் பார்த்துக்கொள்வது.

இதை ஒரு நாயை வைத்துச் சொன்னால் தெளிவாக இருக்கும். ஜிம்மி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பத்து வயது லாப்ரடார், ஆண், கருத்தடை செய்தது, எடை 40 கிலோ. பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதியின் வீட்டில் வளர்கிறது. ஜிம்மி ஒரே ஒரு நாய் அல்ல. பல வீடுகளில் நான் பார்த்ததைச் சேர்த்து ஒரு நாயாகச் சொல்கிறேன்.

அந்த வீட்டம்மா சொல்லும் குறை இவ்வளவுதான்: "நல்லா சாப்பிடுறான் டாக்டர். எழுந்திருக்கத்தான் கொஞ்சம் நேரமாகுது." ஜிம்மியைப் பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் தெரியும். உட்காரும்போது பின்காலை மடக்கி நேராக உட்காராமல் ஒரு பக்கமாகச் சரிந்து உட்காருகிறது. பின்தொடைச் சதை வற்றியிருக்கிறது. தோள் பக்கம் மட்டும் திரண்டிருக்கிறது, பாரத்தை முன்கால்களுக்குத் தள்ளியதன் அடையாளம். பின்கால் நடுவிரல்களின் நகங்கள் மேல்பக்கம் தேய்ந்திருக்கின்றன. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து வைத்தால்தான் அப்படித் தேயும். இடுப்பை மெல்லப் பின்னோக்கி நீட்டினால் தலையைத் திருப்பிக் கையைப் பார்க்கிறது, உதட்டை நக்குகிறது. கடிக்கவில்லை, கத்தவில்லை. ஆனால் அந்தத் திரும்பிப் பார்த்தலே பதில்.

எக்ஸ்ரே எடுத்தால் மூட்டின் நிலை தெரியும், வலியின் அளவு தெரியாது. படத்தில் எலும்பு முள் முள்ளாக வளர்ந்திருக்கும் நாய் ஓரளவு நன்றாக நடப்பதுண்டு. படத்தில் கொஞ்சமே மாறியிருக்கும் நாய் எழுந்திருக்கவே திணறுவதும் உண்டு. கிளினிக்கில் நாய் நடப்பதைப் பார்த்தும் முழுமையாக நம்ப முடியாது. புது இடம், புது வாசனை, பயம் எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்கு வலியை மறக்கடித்துவிடும். ஆகவே நீண்டகால மூட்டுவலியில் அளவுகோலைப் பிடிக்க வேண்டியவர் வீட்டில் இருப்பவர்தான். அதற்கென்று ஆராய்ந்து உருவாக்கிய கேள்விப் பட்டியல்கள் இருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான பட்டியலில் 11 கேள்விகள்: வலி எவ்வளவு என்று நான்கு, அந்த வலி நடப்பதையும் எழுவதையும் ஓடுவதையும் படியேறுவதையும் எவ்வளவு தடுக்கிறது என்பது போல ஆறு, மொத்தத்தில் நாயின் வாழ்க்கை எப்படி என்று ஒன்று. லிவர்பூலிலும் ஹெல்சிங்கியிலும் உருவான வேறு பட்டியல்களும் மருத்துவர்களிடம் புழக்கத்தில் உள்ளன.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது, அந்தந்த நாய்க்கென்றே நான்கு செயல்களைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண் போடும் முறை. பொதுவாக "எப்படி இருக்கான்?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். குறிப்பிட்ட ஒரு செயலைக் கேட்டால் பதில் தெளிவாகிவிடும். ஜிம்மிக்குத் தேர்ந்தவை: காலையில் படுக்கையிலிருந்து எழுந்து நிற்பது, வாசலில் இருக்கும் மூன்று படிகளை ஏறுவது, மலம் கழிக்கும்போது முதுகை வளைத்து அப்படியே நிற்பது, ஐயாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு கேட் வரை வருவது. ஒவ்வொன்றுக்கும் சுலபமாகச் செய்தால் 0, செய்யவே முடியாவிட்டால் 4. மொத்தம் 16. வாரம் ஒருமுறை, ஒரே நபர், ஒரே கிழமையில் நோட்டில் எழுத வேண்டும். கூடவே காலையில் எழுந்திருக்கும் நேரத்தை அதே இடத்தில் இருபது நொடி செல்போனில் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். மருந்து தொடங்குவதற்கு முன்பே இரண்டு வார மதிப்பெண் கையில் இருந்தால் நல்லது. ஜிம்மிக்கு முதல் வாரம் 11, அடுத்த வாரம் 12.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும், ஏனென்றால் நம் கண் நம்மை ஏமாற்றும். அமெரிக்காவில் கான்செமியஸ், எவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட நாய்களைப் பார்த்தார்கள். கால் தரையில் ஊன்றும் விசையை அளக்கும் கருவியில் மாற்றம் எதுவும் பதிவாகாதபோதும், ஏறத்தாழ 40 சதவீத முறை உரிமையாளர்கள் நாய் நன்றாக நடப்பதாகச் சொன்னார்கள். மருத்துவர்களின் கண்ணும் அதைவிடத் தேறவில்லை. செல்லப்பிராணிக் கடையில் விற்கும் எந்தப் பொடியைக் கொடுத்தாலும் முதல் மாதம் "நல்ல முன்னேற்றம்" என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். எழுதி வைத்த மதிப்பெண்ணும் வீடியோவும் அன்பால் மாறுவதில்லை.

அடுத்தது எடை. உடல்வாகுக்கு 9 மதிப்பெண் அளவுகோல் ஒன்று உண்டு. 5 என்றால் சரியான வாகு, அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணும் சுமார் 10 சதவீதம் கூடுதல் எடை. விலா எலும்பு கையில் தட்டுப்படாமல், மேலிருந்து பார்த்தால் இடை தெரியாமல் இருக்கும் ஜிம்மிக்கு 8. அப்படியானால் 40 கிலோவில் அதன் சரியான எடை சுமார் 31 கிலோ. ஒன்பது கிலோ மிகை. இது மூட்டுக்குப் பாரம் மட்டுமல்ல; உடல் கொழுப்பே அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது.

இதில் மனதை உலுக்கும் ஆதாரம் லாப்ரடார்களிடமிருந்தே வந்திருக்கிறது. ப்யூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை பின்தொடர்ந்தது. உடன்பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்று சாப்பிடுவதைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயது 10.3-லிருந்து 13.3 ஆகத் தள்ளிப்போனது. எந்த மாத்திரையும் இந்த மூன்று வருடத்தைத் தராது. ஏற்கெனவே குண்டான, நொண்டுகிற நாய்களிலும் உடல் எடையில் சுமார் 6 சதவீதம் குறைந்தவுடனேயே நொண்டல் குறையத் தொடங்கியதைக் கிளாஸ்கோவில் 2010-ல் பார்த்தார்கள். ஜிம்மிக்கு 6 சதவீதம் என்பது 2.4 கிலோ. ஒன்பது கிலோவும் இறங்கும்வரை பலனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கு இப்படிப் போகும். உடல் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் கலோரியைச் சரியான எடையை வைத்துக் கணக்கிடுவோம். 31 கிலோ நாய்க்கு அது நாளொன்றுக்குச் சுமார் 920 கலோரி. இளைக்க வேண்டிய நாய்க்கு அவ்வளவுதான் உணவு. ஜிம்மி இப்போது என்ன சாப்பிடுகிறது என்று கேட்டால் "பெடிகிரி மட்டும்தான்" என்ற வகையில்தான் முதல் பதில் வரும். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், காலை காபியோடு ஐயா கொடுக்கும் மேரி பிஸ்கட் நான்கு, மாலையில் அம்மா கொடுக்கும் நான்கு, டிபனில் மிஞ்சிய இரண்டு இட்லி, ராத்திரி ஒரு கப் தயிர்சாதம் எல்லாம் வெளியே வரும். பிஸ்கட்டில் மட்டும் இருநூறுக்கு மேல் கலோரி; தயிர்சாதத்தில் இன்னொரு இருநூறு. இவற்றைச் சேர்த்தால் ஜிம்மி தினமும் 1,700 கலோரியைத் தொடுகிறது.

இனி உலர் தீவனம் கிராம் கணக்கில், சமையலறை எடைத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். டம்ளரால் அளந்தால் ஒவ்வொருவர் கைக்கும் ஓர் அளவு. மூட்டையில் 100 கிராமுக்கு 350 கலோரி என்று போட்டிருந்தால் ஜிம்மிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 235 கிராம், இரண்டு வேளையாக. மிச்சமிருக்கும் 90 கலோரிக்கு வேகவைத்த கோழித் துண்டோ, வெள்ளரிக்காயோ, கேரட்டோ கொடுக்கலாம். பிஸ்கட் நேரத்தில் பிஸ்கட் கொடுத்த கையே வெள்ளரித் துண்டைக் கொடுக்கட்டும். நாய்க்கு வேண்டியது அந்த நேரமும் அந்தக் கையும். வாரத்துக்கு 200 முதல் 400 கிராம் வரை இறங்கினால் சரியான வேகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் இருக்கும் மேடைத் தராசில் ஏற்றி எழுத வேண்டும். நான்கு வாரமாகியும் எடை அசையவில்லை என்றால் கலோரிக் கணக்கில் தவறு தேடுவதற்கு முன், வீட்டில் வேறு யார் கொடுக்கிறார்கள் என்று தேடுவேன். பெரும்பாலும் ஆள் கிடைத்துவிடுவார்.

துணை உணவுகளைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். குளுக்கோஸமின், காண்ட்ராய்டின் மாத்திரைகளுக்கு மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான ஒரு கனடிய மதிப்பாய்வு, நாய்களின் மூட்டுவலிக்கு இவை பலன் தருவதாகத் தெரியவில்லை, இதற்காக இவற்றை இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே எழுதியது. அதே மதிப்பாய்வில் ஓரளவு நன்றாகத் தேறியது மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்புதான். மஞ்சள், பிரண்டைப் பொடி கொடுக்கிறோம் என்பவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் அவை வலி மாத்திரைக்கு மாற்று அல்ல. என்ன கொடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஈரல் அளவு ஏறினால் காரணத்தைத் தேடும்போது அது தேவைப்படும்.

மீன் எண்ணெயிலும் அளவுதான் சிக்கல். மூட்டுவலிக்காகப் பேசப்படும் உச்ச அளவு 31 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிகிராம் இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்த்து. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் மாத்திரையில் இவை இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான் இருக்கும். ஆகவே ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு "பலனே இல்லை" என்பதில் வியப்பில்லை. பதின்மூன்று மாத்திரை கொடுத்தால் எண்ணெயிலிருந்தே நூறு கலோரிக்கு மேல் ஏறிவிடும், வயிறும் இளகும். செறிவு கூடிய எண்ணெயை வாங்கி, கால் பங்கில் தொடங்கி, சில வாரங்களில் மருத்துவர் சொல்லும் அளவுக்கு ஏற்றுவதே வழி. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். காட் லிவர் எண்ணெயை இதற்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. அந்த அளவுக்குக் கொடுத்தால் ஏ, டி வைட்டமின்கள் நஞ்சாகும்.

இப்போது வலி மாத்திரைக்கு வருவோம். ஜிம்மியின் 11, 12 என்ற மதிப்பெண்ணுக்கு எடைக் குறைப்பு மட்டும் போதாது, வலி குறைந்தால்தான் நடக்கும், நடந்தால்தான் தொடைச் சதை திரும்பும். நாய்களுக்கென்று சோதித்து அனுமதி பெற்ற மருந்துகள் கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகாம், ஃபிரோகாக்ஸிப் போன்றவை. வீட்டில் இருக்கும் ஐப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுப்பது நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அப்படிக் கொடுத்து ரத்த வாந்தியோடு வரும் நாய்களை இன்றும் பார்க்கிறோம். நிறையப் பேருக்கு எழுதிக் கொடுக்கப்படும் டிரமடாலோ, 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் முழங்கை, முழங்கால் மூட்டுவலி உள்ள நாய்களுக்கு வெற்று மாத்திரைக்கு மேல் எதுவும் செய்யவில்லை.

இந்த மருந்துகள் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. தொல்லை என்னவென்றால், அதே குடும்பத்துப் பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. ஆகவே வலி மாத்திரை சாப்பிடும் நாய்க்கு வாந்தி பேதி வந்து நீர் வற்றினால், வழக்கமாக ஒன்றும் செய்யாத அதே மாத்திரை அன்று சிறுநீரகத்தைத் தாக்கும். நம் சித்திரை வெயிலில் தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தாலும் அப்படித்தான். ஈரல் பாதிப்பு வேறு வகை: எந்த நாய்க்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அரிதாகத்தான் வரும், வந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே வரும்.

ரத்தப் பரிசோதனையின் நாள்களைத் தீர்மானிப்பது இதுதான். முதல் பரிசோதனை மாத்திரை தொடங்குவதற்கு முன். இரண்டாவது, தொடங்கி இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள். பிறகு, ஜிம்மி போன்ற வயதான நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மற்ற நாய்களுக்கு ஆறு மாதம். முதல் பரிசோதனையைத்தான் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள். "நல்லாத்தானே இருக்கான், மாத்திரை ஆரம்பிச்ச பிறகு எடுத்துக்கலாமே?" என்பார்கள். அப்படி எடுத்தால் பின்னால் வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே உண்ணிக் காய்ச்சல் மிகுதி. எர்லிகியா தொற்று உள்ள நாய்க்கும் மூட்டு வலிக்கும், நொண்டும்; ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் வலி மாத்திரை கொடுத்தால் ரத்தக் கசிவுக்கு வழி விடுகிறோம்.

காலையில் உணவு கொடுக்காமல், தண்ணீர் மட்டும் கொடுத்து, முடிந்தவரை ஒரே பரிசோதனைக் கூடத்தில் எடுக்க வேண்டும். அன்று காலை முதல் சிறுநீரில் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு வந்தால் ரத்தத்துக்கு நிகரான தகவல் அதில் இருக்கிறது. மாத்திரைக்கு முன் ஜிம்மியின் அளவுகள்: சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் 1.1, யூரியா நைட்ரஜன் 16, எஸ்.ஜி.பி.டி. என்று நாம் அறிந்த ஈரல் நொதி 52; ஆல்புமின் 3.3, ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் பி.சி.வி. 45, ரத்தத்தட்டு 2.6 லட்சம், சிறுநீரின் அடர்த்தி 1.036. ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் 210, சற்றுக் கூடுதல். வயதான நாய்களில் இது பல காரணங்களால் ஏறும். தனியாக இது மட்டும் ஏறியிருப்பதால் மாத்திரையைத் தடுக்க வேண்டியதில்லை, குறித்து வைத்தால் போதும்.

கார்ப்ரோஃபென் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 4.4 மில்லிகிராம், 40 கிலோவுக்கு 176. மருத்துவர் எழுதியபடி, உணவுக்குப் பின். மூன்றாவது வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 64. இது ஏற்றம் அல்ல, அலைவு. முன்பிருந்த அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் போனால், அதாவது ஜிம்மிக்கு 150-ஐத் தாண்டினால், நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் அதற்கு முன்பே, மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும். வலி மதிப்பெண் 7-க்கு இறங்கியது. பத்தாவது வாரத்தில் எடை 37.6; மதிப்பெண் 5. மூன்றாம் மாதப் பரிசோதனையும் சரி.

ஆறாம் மாதத்தில்தான் விஷயம். எடை 34.6. ரத்தத்தில் கிரியாட்டினின் 1.5. அறிக்கையில் "0.5 முதல் 1.6 வரை" என்று அச்சிட்டிருந்ததால் அதில் எந்த அடையாளமும் இல்லை, பரிசோதனைக் கூடத்தில் "எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பினார்கள். அது நார்மல் அல்ல. ஜிம்மியின் சொந்த அளவு 1.1, அதிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. நாய்களின் சிறுநீரக நோய்க்கு உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் வகைப்பாட்டில் 1.4-லிருந்தே இரண்டாம் நிலை தொடங்குகிறது. சிறுநீரின் அடர்த்தி 1.036-லிருந்து 1.017-க்கு இறங்கியிருந்தது, அதாவது சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் காத்திருக்கக் கூடாது.

மாத்திரை இரண்டு வாரம் நிறுத்தப்பட்டது. திரும்ப எடுத்தபோது கிரியாட்டினின் 1.3-க்கு இறங்கியது, ஆனால் சிறுநீர் அடர்த்தி 1.020-லேயே நின்றது. சிறுநீரகம் தளரத் தொடங்கிவிட்டது, மாத்திரை அதன் மேல் கொஞ்சம் பாரம் ஏற்றியிருக்கிறது என்று பொருள். இதற்கிடையில் நோட்டில் இன்னொன்று பதிவானது: மாத்திரை நின்ற இரண்டாவது வாரத்தில் மதிப்பெண் 5-லிருந்து 9-க்கு ஏறியிருந்தது. மாத்திரை வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. அந்த நோட்டு இல்லாவிட்டால் "மாத்திரை இல்லாமலும் பரவாயில்லையே" என்று விட்டிருப்பார்கள்.

முடிவு இப்படி: அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது, புதிய எடைக்கு 76 மில்லிகிராம். எடை இறங்க இறங்க மாத்திரையும் இறங்க வேண்டும் என்பதை மறந்து, 40 கிலோவுக்கு எழுதிய சீட்டையே வருடக்கணக்கில் காட்டி வாங்குகிறவர்கள் உண்டு. பரிசோதனை இனி ஆறு வாரத்துக்கு ஒருமுறை. ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் கூடவே பார்க்கப்படும். வலி 6-ல் நின்றது. போதவில்லை என்றால் சிறுநீரகத்தைத் தொடாத வழிகளை யோசிக்க வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மேப் ஊசி ஐரோப்பாவில் 2020-லும் அமெரிக்காவில் 2023-லும் அனுமதி பெற்றது. வலி நரம்பைத் தூண்டும் ஒரு புரதத்தை அது பிடித்து வைக்கிறது. அதற்கும் பக்கவிளைவுகள் பதிவாகி, 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கால்நடை மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. எந்த மருந்தும் கண்காணிப்பு இல்லாமல் போடுவதற்கில்லை.

ரத்த அறிக்கையில் இன்னொரு கோலத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. கிரியாட்டினின் மாறாமல் யூரியா நைட்ரஜன் மட்டும் 16-லிருந்து 38-க்குத் தாவி, பி.சி.வி.யும் ஆல்புமினும் சேர்ந்து இறங்கினால், சிறுநீரகத்தை விட்டுவிட்டுக் குடலைப் பார்க்க வேண்டும். இரைப்பைப் புண்ணிலிருந்து கசியும் ரத்தம் குடலில் செரித்துத்தான் யூரியாவாக ஏறுகிறது. மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக இருக்கும். பி.சி.வி. மட்டும் இறங்கினால் உண்ணிக் காய்ச்சலைத் தேடுவதோடு, சாப்பாட்டையும் கேட்பேன்: சாம்பார் சாதம் கொடுக்கிறீர்களா அம்மா? சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ இதோடு ஒருபோதும் சேரக் கூடாது. தோல் அரிப்புக்கென்று வேறொரு கிளினிக்குக்குப் போனால், வலி மாத்திரை சாப்பிடுகிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு வலி மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் சில நாள் இடைவெளி விட வேண்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார்.

உங்கள் வீட்டில் இப்படியொரு நாய் இருந்தால் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை மாத்திரைச் சீட்டு வாங்கும்போது, அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில் என்று கேட்டு அதே சீட்டில் எழுதி வாங்குங்கள். நாய் ஒரு வேளை சாப்பிட மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்தாலோ, அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் முதலில் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஒரு நாள் மாத்திரை தவறினால் நாய்க்கு வலி கூடும், அவ்வளவுதான். அந்த நாளில் கொடுத்த மாத்திரையால் உயிரே போகலாம்.